மூன்றரை நிமிட வீடியோவுக்கு ஏழு நிமிடம் எழுதிக் கொடுத்தேன்

போன வருஷம், தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்து விற்கும் ஒரு நிறுவனத்துக்குப் பின்னணிக் குரல் எழுதிக் கொடுத்தேன். அதில் எனக்குக் கிடைத்த சம்பளம் 10,000 ரூபாய். அதே வேலையில் என் கையை விட்டுப் போனது 9,300 ரூபாய், ஒரு மாதம், நாலைந்து ராத்திரித் தூக்கம். யாராவது முன்னாடியே இரண்டு விஷயம் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. காரைக்குடியில் இப்போது பாதிப் பேர் நிறுவன வீடியோ எடுக்கிறார்கள்: ஹோட்டலாக மாறிய பழைய வீடுகள், பலகாரக் கடைகள், கண்டாங்கி நெய்கிறவர்கள். "நீங்கதான் நல்லாத் தமிழ் எழுதுவீங்களே, வாய்ஸ் ஓவர் எழுதிக் குடுங்க" என்று யாராவது உங்களிடமும் வந்து நிற்பார்கள். அதற்காகத்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் பத்து வருஷமாக எழுதிப் பிழைக்கிறவன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், கடைத் திறப்பு நோட்டீஸ், கல்லூரி ஆண்டு மலர் எல்லாம் எழுதியிருக்கிறேன். அதனால் அந்த நிறுவனத்துக்காரர் கூப்பிட்டதும் தயங்காமல் ஒத்துக்கொண்டேன். வேலை இதுதான். சென்னையில் வீடு கட்டுகிறவர்களுக்கான கண்காட்சி ஒன்றில் அவர்கள் ஸ்டால் போடுகிறார்கள். அங்கே ஓட மூன்றரை நிமிட வீடியோ வேண்டும். படப்பிடிப்பு முடிந்திருந்தது, எடிட் இன்னும் முடியவில்லை. எடிட்டர் தம்பி எனக்கு ஒரு காட்சிப் பட்டியல் அனுப்பினார், ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே உத்தேசமாக இத்தனை விநாடி என்று போட்டு. அதை வைத்து எழுதச் சொன்னார்கள்.

எவ்வளவு எழுதுவது என்று இணையத்தில் தேடினேன். எல்லா இடத்திலும் ஒரே கணக்குதான் இருந்தது: நிமிடத்துக்கு 150 சொல். அப்படியென்றால் மூன்றரை நிமிடத்துக்கு 525. நான் ஜாக்கிரதையாக 500-லேயே நிறுத்தினேன். எழுதி முடித்து, போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு, மனசுக்குள் வாசித்துப் பார்த்தேன். மூன்று நிமிடம் நாற்பது விநாடி வந்தது. கொஞ்சம் வேகமாக வாசித்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிறுவனத்துக்கார அண்ணன் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தடவை வாசித்தார். "தம்பி, பிரமாதம். ஒரு வார்த்தையும் மாத்த வேணாம்" என்றார். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் பதிவு. காலையில் பஸ் ஏறி, திருப்பத்தூர், மேலூர் வழியாகப் போய்ச் சேர்ந்தேன். குரல் கொடுக்க வந்த மேடம் அனுபவசாலி. காகிதத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்ததுமே, "சார், இது எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் பதில் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் வாசிக்க ஆரம்பித்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து திரையில் ஓடும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றரை நிமிடம் ஆனபோது அவர் பாதிக்கு இரண்டு வரி முன்னால்தான் இருந்தார். முடித்தபோது ஏழு நிமிடம். வயிற்றைப் பிசைந்தது.

இங்கேதான் முதல் பாடம். நிமிடத்துக்கு 150 சொல் என்பது ஆங்கிலத்துக்குச் சொன்ன கணக்கு. நாலு சிறு சொல்லாக அவர்கள் சொல்வதை நாம் ஒரே சொல்லுக்குள் ஒட்டிவிடுகிறோம். 'உருவாக்கப்படுகின்றது' என்பது எண்ணிக்கையில் ஒரு சொல்; வாயில் அது ஒன்பது அசைப்பு. ஆகவே தமிழில் சொல்லை எண்ணாதீர்கள், எழுத்தை எண்ணுங்கள். அதிலும் புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிடுங்கள். அவை பக்கத்து எழுத்தோடு சேர்ந்தே ஒலித்துவிடும், தனியாக நேரம் எடுக்காது. 'கண்ணாடி' என்றால் க, ணா, டி என்று மூன்று. வீட்டுக்கு வந்து அந்த மேடத்தின் பதிவையே பலமுறை ஓட்டி எண்ணினேன். நிறுத்தாமல் வாசிக்கும் இடங்களில் விநாடிக்கு ஐந்து எழுத்துக்குப் பக்கத்தில் வருகிறது. வாக்கியத்துக்கு நடுவில் விடும் மூச்சு, காட்சி மாறும்போது விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்தால் விநாடிக்கு நான்குதான் தேறும். இது அவர் வேகம். உங்கள் குரல் கலைஞர் வேறு வேகத்தில் வாசிப்பார். வேலையை ஒப்புக்கொண்டதுமே அவர் முன்பு செய்த வீடியோ ஒன்றில் அரை நிமிடத்தைக் கேட்டு எண்ணிப் பாருங்கள். அந்த எண்தான் உங்கள் அளவுகோல். நெடில் நிறைய வரும் வாக்கியம் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும் என்பதால் இதுவும் உத்தேசம்தான். ஆனால் சொல் கணக்குப்போல மோசம் செய்யாது.

ஸ்டுடியோவில் அன்றைக்கு நான் செய்தது இரண்டாவது தவறு. நேரத்துக்கு வாடகை ஓடிக்கொண்டிருந்ததால் பதறிப்போய், பேனாவை எடுத்து அங்கேயே வரிகளை அடித்தேன். எந்த வரி நீளமோ அதை அடித்தேன், எந்த வரி தேவை என்று பார்க்கவில்லை. அடித்தும் நாலே முக்கால் நிமிடம் வந்தது. மிச்சத்தை எடிட்டில் வேகம் கூட்டிச் சரிசெய்யலாம் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார், அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன். எடிட்டர் தம்பி வேகத்தைக் கூட்டிப் போட்டுக் காண்பித்தபோது, நிதானமான ஒரு அம்மாவின் குரல், பஸ்ஸைத் துரத்திக்கொண்டே பேசுவதுபோல் இருந்தது. மூச்சுவிடும் இடங்களை வெட்டியதில் வாக்கியங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. வேகம் கூட்டுவது ஒரு வாக்கியத்தில் அரை விநாடி மிச்சம் பிடிக்கத்தான் உதவும். ஒரு நிமிடத்தை அதில் மிச்சம் பிடிக்க முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் படமும் பேச்சும் ஒட்டாததுதான். நான் காட்சிப் பட்டியலை நம்பி எழுதினேன். அதற்குள் எடிட்டர் வரிசையை மாற்றியிருந்தார், இரண்டு காட்சிகளைத் தூக்கியிருந்தார், ஒன்றைப் பாதியாக்கியிருந்தார். அது அவர் வேலை, அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. எடிட் முடிந்து, இனி ஒரு விநாடியும் மாறாது என்று சொன்ன பிறகுதான் கடைசிப் பிரதியை எழுத வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதற்கு முன்னால் வேண்டுமானால் என்ன சொல்லப் போகிறோம் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுக்கலாம். வாக்கியம் எழுதக் கூடாது. வாக்கியம் எழுதிவிட்டால் அதன்மேல் நமக்குப் பாசம் வந்துவிடும்.

அந்த வீடியோவை அண்ணன் வீட்டு டிவியில் போட்டோம். அவர் பேசவில்லை. அவருடைய அம்மா, எழுபது எழுபத்தைந்து வயது ஆச்சி, பட்டாலையில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏம்ப்பா, ரேடியோவுல நியூஸ் வாசிக்கிறாப்புல இருக்கு. நம்ம கல்லப் பத்தியா சொல்லுது?" என்று கேட்டார். அப்புறம் அண்ணன் மெதுவாக, "தம்பி, எழுதிக் குடுத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. கேக்கும்போது மனசுல நிக்கல" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது அத்தனையும் உண்மை. காகிதத்தில் கண் முன்னே போகும், திரும்பி வரும், புரியாததை இன்னொரு தடவை படிக்கும். காதுக்கு அந்த வசதி கிடையாது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே புரிய வேண்டும்.

மறுபதிவுச் செலவை நானே ஏற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தவறிய இடங்களை மட்டும் வாசித்து ஒட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மேடம் வேண்டாம் என்றார். வேறொரு நாள், மைக்குக்கும் வாய்க்கும் இடையில் நாலு விரல் தூரம் வித்தியாசப்பட்டால்கூடக் குரல் வேறு மாதிரி விழும். ஒட்டுப்போட்டது கேட்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று விளக்கினார். ஆகவே முழுவதும் புதிதாக. குரலுக்கு 6,000, ஸ்டுடியோ மூன்று மணி நேரம் 2,400, போக்குவரத்தும் சாப்பாடும் 900. அந்த 9,300 இதுதான்.

இனி அதே வேலையை இரண்டாம் தடவை எப்படிச் செய்தேன் என்பதை ஒரே ஒரு காட்சியை வைத்துச் சொல்கிறேன். வீடியோவில் 00:42-இலிருந்து 00:56 வரை, 14 விநாடி. முதல் மூன்று விநாடி ஒரு கை கண்ணாடித் தகட்டைத் துணியால் துடைக்கிறது. அடுத்து அதன்மேல் உலோக அச்சை வைக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறச் சாந்தாகக் கரண்டியால் ஊற்றுகிறார்கள், சிவப்பு, மஞ்சள், பச்சை. கடைசி இரண்டு விநாடி, காய்ந்த கல்லிலிருந்து கண்ணாடியைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல்லைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இதைச் சூளையில் சுடுவதில்லை, மெருகு போடுவதுமில்லை. முகம் கண்ணாடியைப் பார்த்தபடி கவிழ்ந்த நிலையில் நிறச் சாந்தை ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காய்ந்ததும் பிரித்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பார்கள். பளபளப்பு முழுக்கக் கண்ணாடி தருவது.

இந்த 14 விநாடிக்கு நான் முதலில் எழுதியது இது: "பல தலைமுறைகளாகக் கைமாறி வந்த அரிய தொழில்நுட்பத்தின் துணையுடன், மிகுந்த கவனத்துடன் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் மணலும் தரமான சிமெண்டும் இயற்கையான வண்ணங்களும் கொண்டு, தேர்ந்த கைவினைஞர்களால் கண்ணாடித் தகட்டின் மீது ஒவ்வொரு கல்லும் உருவாக்கப்படுகின்றது." சொல் கணக்கில் 25தான். ஆங்கிலக் கணக்குப்படி 14 விநாடிக்கு 35 சொல் வரலாம், ஆகவே எனக்குத் தாராளமாகத் தெரிந்தது. புள்ளி எழுத்தை விட்டு எண்ணினால் 93. மேடம் இதை வாசிக்க 22 விநாடி ஆனது.

நீளம் ஒரு பக்கம் இருக்கட்டும். இதில் 'கண்ணாடி' என்ற சொல் எங்கே வருகிறது பாருங்கள். 71 எழுத்து தாண்டின பிறகு. அதாவது கிட்டத்தட்ட 17-ஆவது விநாடியில். திரையில் கண்ணாடி தெரிவது முதல் மூன்று விநாடி. சொல் வருகிறபோது படம் அடுத்த காட்சிக்கே போய்விட்டது. அங்கே கல் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது. தண்ணீரைக் காட்டிக்கொண்டு கண்ணாடி என்று சொன்னால் கேட்கிறவர் குழம்பத்தான் செய்வார். இது தமிழின் அமைப்பிலேயே உள்ள விஷயம். அடைமொழி எல்லாம் முன்னால் வரிசை கட்டி நிற்கும், பெயர்ச்சொல் பின்னால் வரும், வினை கடைசியில்தான் வாயைத் திறக்கும். படிக்கிறபோது அதில் ஒரு சுகம் உண்டு. படத்தோடு கேட்கிறபோது, யார் என்ன செய்தார் என்று தெரிய வாக்கியம் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. திரையில் ஒரு பொருள் வந்தவுடன் அதன் பெயர் காதில் விழ வேண்டும். அதற்கு ஒரே வழி, அடைமொழியைக் கழற்றிவிட்டு வாக்கியத்தை ஒடிப்பது.

இன்னொன்றும் கவனித்தேன். மேடம் வாசிக்கும்போது 'தேர்ந்தெடுக்கப்பட்ட' என்ற இடத்தில் மூச்சு வாங்கினார். அந்த வாக்கியத்தில் மூச்சுவிட நான் இடமே கொடுக்கவில்லை, அவர் கிடைத்த இடத்தில் எடுத்துக்கொண்டார். கேட்டவர்களுக்கு "தேர்ந்தெடுக்கப்பட்ட… உள்ளூர் மணலும்" என்று இரண்டு துண்டாக விழுந்தது. 'அரிய தொழில்நுட்பம்' என்பதை எடிட்டர் தம்பி 'அறிய' என்று கேட்டுவிட்டு, "என்னத்த அறியணும்ணே?" என்று கேட்டார். எழுத்தில்தான் சின்ன ர, பெரிய ற என்ற வித்தியாசம். பெரும்பாலோர் வாயில் இரண்டும் ஒன்றுதான். காதுக்கு எழுத்துப்பிழையும் தெரியாது, எழுத்துத் திருத்தமும் தெரியாது. சந்தேகம் தரும் சொல்லை மாற்றிவிடுவதுதான் வழி.

திரும்ப எழுத உட்கார்ந்து இரண்டு நாள் ஒரு வரியும் வரவில்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, ஆரம்பத்தில் தகவல் சேகரிக்கப் பட்டறைக்குப் போனபோது அங்கே வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் பேசியதை என் போனில் பதிந்து வைத்திருந்தேன். போட்டுக் கேட்டேன். "அடியில கண்ணாடி, தம்பி. அதுமேல அச்சு. அச்சுக்குள்ள ஒவ்வொரு கலரா ஊத்தணும், கை நடுங்கப்படாது. கண்ணாடி எப்புடியோ கல்லும் அப்புடி. கண்ணாடியில தூசி இருந்தா கல்லுலயும் தூசிதான்." நான் ஒரு வாரம் உட்கார்ந்து அலங்கரித்ததை அவர் நின்ற இடத்தில் ஒரு கையால் கரண்டியைப் பிடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு காட்சி. அந்த வேலையைச் செய்கிறவர் செய்யும் வரிசையிலேயே பேசுவார், கேமராவும் அதே வரிசையில்தான் எடுத்திருக்கும். அன்றிலிருந்து எந்த நிறுவனத்துக்குப் போனாலும், முதலாளியிடம் பேசுவதற்கு முன்னால் வேலை செய்கிறவரிடம் போய், "இத எப்படிச் செய்றீங்க, சொல்லுங்க" என்று கேட்டுப் பதிந்துகொள்கிறேன்.

அதை அப்படியே பேச்சுத்தமிழில் போட்டுவிடலாமா என்று எடிட்டர் தம்பி கேட்டார். அண்ணனுக்கு அதில் விருப்பமில்லை. கம்பெனி வீடியோவுக்கு ஒரு மரியாதை வேண்டும், கோயம்புத்தூர்க்காரர் கேட்டாலும் திருநெல்வேலிக்காரர் கேட்டாலும் சொந்தமாகத் தெரிய வேண்டும் என்றார். நியாயம்தான். அதனால் வினைமுடிவை மட்டும் எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் பேச்சின் வரிசையிலும் பேச்சின் சொல்லிலும் வைத்தேன். 'ஊத்துறாங்க' வேண்டாம், 'ஊற்றப்படுகின்றன'வும் வேண்டாம், 'ஊற்றுகிறார்கள்' போதும். 'படுகிறது', 'ஆகும்', 'மேலும்', 'மற்றும்' இந்த நாலும் எங்கே இருந்தாலும் எடுத்துவிட்டேன். வாய் விட்டுப் பேசும்போது இவற்றை யாரும் சொல்வதில்லை, அதனால்தான் கேட்டதும் செய்தி வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எந்த நடையை எடுத்தாலும் முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை அதே நடை. ஒரு இடத்தில் 'செய்கிறார்கள்', இன்னொரு இடத்தில் 'செய்றாங்க' என்று வந்தால் இரண்டு பேர் பேசுவதுபோல் ஆகிவிடும்.

கடைசியில் அந்த 14 விநாடிக்கு வந்தது இது: "அடியில் ஒரு கண்ணாடி. அதன்மேல் அச்சு. அச்சுக்குள் ஒவ்வொரு நிறமாக, கையால் ஊற்றுகிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடும்." 15 சொல், 50 எழுத்து. விநாடிக்கு நான்கு என்ற கணக்கில் 56 வரை போகலாம், நான் ஆறு எழுத்தைச் செலவழிக்காமல் வைத்தேன். மணல், சிமெண்ட் எல்லாம் எங்கே என்று கேட்பீர்கள். அவை வேறொரு காட்சியில் திரையில் வருகின்றன, அங்கே சொன்னால் போதும். 'தேர்ந்த கைவினைஞர்கள்' எங்கே? அந்தக் கை நடுங்காமல் ஊற்றுவதைத் திரையே காட்டுகிறது. படம் சொல்வதைக் குரலும் சொன்னால் நேரமும் போகும், படத்தின் பலமும் போகும். குரல், படத்தில் தெரியாததைச் சொல்ல வேண்டும். இந்தக் காட்சியில் கண்ணுக்குத் தெரியாதது ஒன்றுதான்: அந்த வழவழப்பு எங்கிருந்து வருகிறது என்பது.

எண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் ஏமாந்தது இரண்டு இடத்தில். பழைய போட்டோ ஒன்று ஆறு விநாடி நிற்கும். அங்கே '1987-ஆம் ஆண்டில்' என்று ஆரம்பித்து ஒரு நீண்ட வாக்கியம் எழுதியிருந்தேன். காகிதத்தில் நாலு இலக்கம். வாய் திறந்தால் 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டில்'. 15 எழுத்து, மூன்று விநாடி, இன்னும் செய்தியே ஆரம்பிக்கவில்லை. இப்போது 1987 என்பது திரையில் எழுத்தாக வருகிறது, குரல் "அப்பா ஆரம்பித்த பட்டறை இது" என்று மட்டும் சொல்கிறது. சதுர அடிக் கணக்கு, போன் நம்பர், முகவரி எல்லாவற்றையும் திரைக்கு அனுப்பிவிட்டேன். குரலில் வந்தே தீர வேண்டிய எண்ணைக் காகிதத்தில் எழுத்தால் எழுதுங்கள். அப்போதுதான் அதன் உண்மையான நீளம் உங்களுக்கும் தெரியும், வாசிக்கிறவரும் தயங்க மாட்டார். நிறுவனத்தின் முழுப்பெயரும் அப்படித்தான். 'பிரைவேட் லிமிடெட்' சேர்த்து ஐந்து தடவை வர வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டார். கடைசியில் ஒரு தடவை முழுசாக, மற்ற இடங்களில் "நாங்கள்" என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஒலியில் போட்டுக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்.

ஒலியில் போட்டுக் காட்டியது என்று சொன்னேனே, இந்த முழு அனுபவத்தில் எனக்கு மிக உதவியது அதுதான். இரண்டாம் தடவை நான் யாருக்கும் காகிதம் கொடுக்கவில்லை. ராத்திரி தெரு அடங்கிய பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, என் சொந்தக் குரலிலேயே போனில் காட்சி காட்சியாக வாசித்துப் பதிந்தேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு, ஸ்டுடியோவில் வாசிக்கும் சத்தத்தில். எடிட்டர் தம்பி அதைப் படத்தோடு ஒட்டி, திரையின் ஓரத்தில் நேரம் ஓடுமாறு வைத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பினார். என் குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை, எந்தச் சொல் எந்த விநாடியில் விழுகிறது என்பது தெரிந்தால் போதும். எந்த இடத்தில் எனக்கு நாக்குத் தடுக்கியதோ அந்த வாக்கியத்தை மாற்றினேன். அனுபவமுள்ள குரலுக்கும் அங்கேதான் தடுக்கும். அண்ணன் அதைக் கேட்டு மூன்று திருத்தம் சொன்னார். மூன்றும் நல்ல திருத்தம், மூன்றும் காகிதத்தைப் பார்த்திருந்தால் அவருக்குத் தோன்றியிருக்காது. "ஆடியோ ஓகே தம்பி, ரெக்கார்டிங் போகலாம்" என்று அவர் எழுத்தில் அனுப்பிய பிறகுதான் ஸ்டுடியோவுக்கு நாள் குறித்தேன். பணம் கைமாறுவதற்கு முன்னால் அந்த ஒரு செய்தியை வாங்கிவிடுங்கள்.

ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோன தாளும் மாறியிருந்தது. நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் காட்சி எண், நேரம், திரையில் என்ன என்று அரை வரி. வலது பக்கம் பேச்சு, பெரிய எழுத்தில், ஒரு மூச்சுக்கு ஒரு வரி. பக்கம் புரட்டும் இடத்தில் எந்த வாக்கியமும் பாதியில் உடையாமல் பார்த்துக்கொண்டேன். நேரம் இடித்தால் விட்டுவிடக்கூடிய சொற்களை முன்கூட்டியே பென்சிலால் மெலிதாகச் சுழித்து வைத்திருந்தேன். மறுபடி அங்கே போய்ப் பதறி அடிக்கக் கூடாதல்லவா. மேடம் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் "காட்சி ஏழு" என்று எண்ணைச் சொல்லி, ஒரு விநாடி நிறுத்தி, வாசித்தார். எடிட்டருக்கு அது பெரிய உதவி, எந்தத் துண்டு எங்கே போகும் என்று தேட வேண்டியதில்லை. பதிவு நடக்கும்போது அவர் முன்னால் வீடியோவையும் சத்தமில்லாமல் ஓடவிட்டோம். படத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்ததில் அவர் குரலே தணிந்துவிட்டது. முதல் தடவை செய்தி வாசித்தவர் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறவர் மாதிரி இருந்தார். அதே மேடம்தான், அதே மைக்தான்.

இரண்டு சுழித்த சொற்களை மட்டும் விட வேண்டியிருந்தது. முழு வீடியோவுக்கும் சேர்த்து 500 சொல்லாக இருந்தது 238-இல் நின்றது. முதல் மூன்று விநாடி பேச்சே இல்லை, பட்டறை சத்தம் மட்டும்.

முடித்து அனுப்பிய அன்று சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். அந்த ஐம்பத்து நாலாவது விநாடியைச் சொன்னார். குரல் முடிந்து, கல்லிலிருந்து கண்ணாடியை உரித்தெடுக்கிற 'சப்' என்ற சத்தம் வருகிற இடம். நான் செலவழிக்காமல் வைத்த அந்த ஆறு எழுத்தின் இடம். "தம்பி, கண்ணாடி பிரியிற சத்தம் கேக்குதுல்ல, அந்த எடத்துல ஆச்சி டிவியப் பக்கத்துல போயி பாத்தாங்க. 'இதுதான்ப்பா நம்ம கல்லு'ன்னாங்க" என்றார்.